கத்திரி அண்ணனின் ரஸ்க் பட்டியலில் ஏறிய வாரம்

தேதி அக்காவின் பட்டியலில் எவருடைய பண்டம் ஏறுகிறதோ, அவர் அந்த வீட்டில் அதிக நாள் தங்க மாட்டார் என்று ஒரு பேச்சு. இதைக் கிளப்பிவிட்டவர் விசில். அதே வீட்டில் தங்கியிருக்கும் பள்ளி உடற்பயிற்சி ஆசிரியர். மைதானத்தில் ஊதி ஊதிப் பழகிய தொண்டை என்பதால் அவர் ரகசியம் சொன்னாலும் தெருமுனை வரை கேட்கும். அப்படித்தான் அதே தெருவில் இருக்கும் எனக்கும் கேட்டது.

அவரிடம் சாட்சிகளும் இருந்தன. கணக்கரின் வேர்க்கடலை வெண்ணெய் பட்டியலில் ஏறியது, மனிதருக்கு மாற்றல் வந்தது. நர்ஸம்மாவின் ஓட்ஸ் ஏறியது, அவர் கல்யாணம் என்று கிளம்பினார். கடைசி அறையில் இருந்த நில அளவையரின் உப்பு பிஸ்கட் ஏறியது. அவரை ஆம்புலன்சில் ஏற்றினார்கள். அவர் திரும்பவில்லை. அளந்து அளந்து ஊரையே பிரித்துக் கொடுத்தவருக்குக் கடைசியில் கிடைத்தது ஆறடி என்று விசில் ஒரு தத்துவமும் சேர்த்துக்கொண்டார்.

மூன்று பேரை வைத்துக் கட்டிய இந்தக் கோட்டையை இடித்துவிட்டு வரலாம் என்று ஒரு சனிக்கிழமை காலை நான் அந்த வீட்டுக்குப் போனேன்.

எட்டு அறை, ஒரு சமையலறை, ஒரு ஃப்ரிட்ஜ். வேலைக்காகத் தனியாக வந்திருப்பவர்கள் வாடகைக்குத் தங்கும் வீடு. சொந்தக்காரர் வேறெங்கோ இருக்கிறார். வாடகை போகும்போது மட்டும் அவருக்கு உயிர் வரும், ரிப்பேர் என்று சொன்னால் சிக்னல் போய்விடும். வீட்டைப் பார்த்துக்கொள்வதும் சமைப்பதும் அக்காதான். அவர் கணவர் லாரி ஓட்டுகிறார். வீட்டுக்கு வருவதைவிட போனுக்கு வருவது அதிகம்.

அக்காவுக்குத் தேதி என்ற பட்டம் கிடைத்த கதை எளிது. இங்கே வருவதற்கு முன் ஒரு பெரிய கடையில் அலமாரி அடுக்கும் வேலை. புதுச் சரக்கு பின்னால், பழைய சரக்கு முன்னால். வாங்க வருகிறவர் கை நீட்டினால் பழையதுதான் முதலில் மாட்ட வேண்டும். தேதி தாண்டியதைப் பொறுக்கி எடுத்துத் தனிக் கூடையில் போட வேண்டும். ஒருநாள் மேலாளர் அந்தக் கூடையைக் காட்டி, தேதியின் மேல் வேறு தேதி ஒட்டச் சொன்னார். அக்கா ஒட்ட மறுத்தார். காலாவதியாகாமலே அவரைக் கூடையில் போட்டுவிட்டார்கள்.

கடை போனாலும் கடைப்புத்தி போகவில்லை. சனிக்கிழமை காலை அவர் போனில் ஒரு நினைவூட்டல் மணி அடிக்கும். கோயில் மணியும் அல்லாத, தீயணைப்பு மணியும் அல்லாத ஒரு சத்தம். அது கேட்டதும் வீட்டில் இருப்பவர்கள் பல் துலக்குவதை நிறுத்திவிடுவார்கள் என்று விசில் சொல்லியிருந்தார். நான் பார்த்த அன்று குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நிஜமாகவே நின்றது.

அக்கா வேலையைத் தொடங்கினார். முதலில் மளிகை அலமாரி. பருப்பு டப்பாக்களைத் திறந்து வண்டு இருக்கிறதா என்று பார்த்தார். உப்பிப்போயிருந்த ஒரு தகர டின்னை, தேதி இருந்தும், யோசிக்காமல் குப்பையில் போட்டார். "டின் வீங்கினா உள்ள ஏதோ நடக்குதுன்னு அர்த்தம். தேதியப் பார்த்து ஏமாறக் கூடாது" என்றார். பிறகு ஃப்ரிட்ஜ். மீனைக் கீழ்த் தட்டில் தட்டோடு வைத்தார், மேலிருந்து சொட்டினால் மற்றதெல்லாம் கெடும் என்று. பாலைக் கதவிலிருந்து எடுத்து உள்ளே தள்ளினார். கதவு திறந்து திறந்து மூடும் இடம், அங்கே குளிர் நிற்காது. திறந்த புட்டிகளில் திறந்த நாளை எழுதிய சின்னத் துண்டு ஒட்டியிருந்தது. இரண்டு விதத் தேதி உண்டு என்று எனக்கும் பாடம் நடந்தது. ஒன்று, அதற்குள் சாப்பிட்டால் ருசி நன்றாக இருக்கும் என்பது. தாண்டினால் கொஞ்சம் முகம் சுளிக்கலாம், அவ்வளவுதான். இன்னொன்று, அதற்குப் பிறகு தொடவே கூடாது என்பது. "மொதல் தேதி மாமியார் மாதிரி, முணுமுணுக்கும். ரெண்டாவது போலீஸ் மாதிரி" என்றார்.

கடைசியில் ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினார். அதையே போட்டோ எடுத்து வீட்டு வாட்ஸப் குழுவிலும் போட்டார்.

இந்த வாரம் முடிக்க வேண்டியவை
தயிர், திறந்த டப்பா
வெள்ளரிக்காய், உடனே
முட்டை, முன்வரிசை
கத்திரி அண்ணனின் சர்க்கரையில்லாத ரஸ்க்

பழைய தாள்களை அவர் எறிவதில்லை. ஓர் ஆணியில் குத்தி வைத்திருந்தார். நான் வந்த காரியம் அதுதான் என்பதால் அதைப் புரட்டிக்கொண்டே கணக்கரையும் நர்ஸம்மாவையும் நில அளவையரையும் பற்றிக் கேட்டேன். அக்காவுக்குக் கோபம் வரவில்லை. கணக்கருக்கு மாற்றல் உத்தரவு வந்தது வீட்டில் மற்றவர்களுக்குத் தெரிவதற்கு முன்பே அவருக்குத் தெரியும். அலுவலக வழியனுப்பு விருந்துகளில் தின்றுவிட்டு வந்து படுத்தார், வெண்ணெய் புட்டி திறந்தபடியே நின்றது. நர்ஸம்மா காலைச் சாப்பாட்டை வருங்காலக் கணவரோடு வெளியே சாப்பிட ஆரம்பித்திருந்தார். ஓட்ஸுக்கு யாரும் சொல்லவில்லை. நில அளவையருக்குக் கடைசி நாட்களில் பிஸ்கட் தொண்டையில் இறங்கவில்லை. வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் ஜன்னல் வழியே காக்காய்க்குப் போட்டுவந்தார். பிறகு காக்காய்க்குப் போடவும் தெம்பில்லை.

ஆக, பட்டியலில் ஏறியதால் யாரும் போகவில்லை. போகப்போகிறவர்கள் முதலில் தங்கள் பண்டத்தைத் தொடாமல் விடுகிறார்கள். தொடாமல் விட்டது பட்டியலில் ஏறுகிறது. விசில் வண்டியை மாட்டுக்கு முன்னால் கட்டியிருந்தார். கோட்டை இடிந்தது, கிளம்பலாம் என்று நான் செருப்பைத் தேடினேன்.

அப்போதுதான் அந்தப் பட்டியலின் கடைசி வரி எனக்கு உறைத்தது. வதந்தி பொய் என்று நிரூபித்த அதே விளக்கம், அந்த வரியின் மேல் வைத்துப் பார்த்தால் வதந்தியைவிட மோசமாக இருந்தது.

கத்திரி அண்ணன் தையல்காரர். முன்னறையில் மிஷின் போட்டிருக்கிறார். கழுத்தில் அளவு நாடா, காதில் சாக்பீஸ். சர்க்கரை வியாதிக்காரர், பேனா வடிவில் வரும் இன்சுலின் ஊசியைத் தினமும் போட்டுக்கொள்பவர். அவருக்கு இருந்த ஒரே சுகம் அந்த ரஸ்க். டீயில் முக்கி, அது ஒடிந்து விழுவதற்கு முந்தைய நொடியில் வாயில் போட்டுக்கொள்வதில் மன்னன். அந்தப் பாக்கெட் திறந்தபடி மெத்தென்று ஆகும்வரை கிடந்தது என்றால் ரஸ்க்கில் கோளாறு இல்லை.

விசில் சமையலறைக்கு வந்தார். போனைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. கத்திரி அண்ணனின் வரியை அழித்துவிடுமாறு அக்காவைக் கெஞ்சினார். அக்கா, திறந்து வைத்த ரஸ்க் காற்றுப் பட்டுப் போய்விட்டது, யாராவது தின்னட்டும் என்று எழுதியதாகச் சொல்லிப் பார்த்தார். விசில் விடவில்லை.

"அக்கா, நான் வேணா அந்த ரஸ்க்க முழுசா தின்னுடறேன். பேர மட்டும் எடுத்துடுங்க."

"தின்னா பாக்கெட்டுதான் காலியாகும் தம்பி. அவரு ஏன் தின்னலைன்னு யாரு சொல்றது?"

கேட்டதும் அக்காவே ஒரு நொடி நின்றார். கேள்வி தன் வாயிலிருந்து வந்தது அவருக்கே புதிதாக இருந்தது போலும். கரண்டியை வைத்துவிட்டு முன்னறைக்கு நடந்தார். விசிலும் நானும் பின்னால்.

கத்திரி அண்ணன் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். அதாவது கோக்க முயன்றுகொண்டிருந்தார். நூலை நாக்கில் நனைத்து, ஒரு கண்ணை மூடி, ஊசியின் காதுக்கு இடப்பக்கமாகக் காற்றில் குத்தினார். மறுபடி வலப்பக்கம். மிஷினைச் சுற்றித் தண்ணீர் பாட்டில்கள், ஒன்றைத் தவிர எல்லாம் காலி. சட்டைக் கழுத்துக்குள் கழுத்து சின்னதாகத் தெரிந்தது. தனக்கே தைத்துக்கொண்ட சட்டை. அளவு தவற மாட்டார்.

"இந்த பல்பு சரியில்ல" என்றார், கேட்காமலே. "கண்ணாடிக்காரன் வேற தப்பான பவர் குடுத்துட்டான். எல்லாம் மசமசன்னு இருக்கு." ராத்திரி நாலைந்து முறை எழுந்திருக்க வேண்டியிருக்கிறதாம். வெயில் காலம், தாகம் எடுக்கத்தானே செய்யும் என்றார். சாப்பாடு பிடிக்கவில்லை, வேலை அதிகம். ஒவ்வொரு குறைக்கும் ஒரு குற்றவாளியைப் பிடித்து வைத்திருந்தார். பல்பு, கண்ணாடிக்காரன், வெயில், பள்ளிக்கூடச் சீருடை ஆர்டர். நல்ல தையல்காரர், கிழிசல் தெரியாமல் ஒட்டுப் போட்டிருந்தார்.

அக்கா காலி பாட்டில்களை எண்ணினார். "அண்ணே, ஊசி போடுறீங்கதானே?" என்று மட்டும் கேட்டார்.

"ஒரு நாள்கூட விடல. சத்தியமா. போன பேனா தீந்ததும் ஃப்ரிட்ஜ்ல இருந்து புதுசு எடுத்துத்தான் போடுறேன்."

"எப்ப எடுத்தீங்க?"

"சீருடைத் துணி வந்துச்சே, அப்ப. ரெண்டு வாரத்துக்கு மேல இருக்கும்."

சர்க்கரை சோதித்துப் பார்த்தாரா என்றதற்கு, மீட்டருக்கான பட்டை தீர்ந்துவிட்டது, சீருடை முடிந்ததும் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்ததாகச் சொன்னார்.

மருந்தை விட்டுவிட்டேன் என்று அவர் சொல்லியிருந்தால் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். தவறாமல் போடுகிறேன் என்றதுதான் அந்த அறையில் யாருக்கும் பிடிக்கவில்லை.  மிஷின் பக்கத்தில் இருந்த கடைசி பாட்டிலைக் கத்திரி அண்ணன் எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். நாங்கள் மூன்று பேரும் அவர் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தோம்.

அக்கா சமையலறைக்குத் திரும்பினார். யோசிக்கும்போது கைக்கு வேலை வேண்டும் என்பவர் அவர். பட்டியலில் உடனே என்று எழுதிய வெள்ளரிக்காயை நறுக்க எடுத்தார். மேல்தட்டின் பின்பக்கத்திலிருந்து வந்த காய். வாங்கி நாலு நாள்கூட ஆகவில்லை. வெளியே பச்சையாக, உருண்டையாக, ஒரு குறையும் இல்லை. கத்தி இறங்கியதும் உள்ளே கண்ணாடி மாதிரி தெரிந்தது, உறைந்து உருகிய காய் போலத் தண்ணீர் விட்டுக் குழைந்து சரிந்தது.

நான் ஆணியில் இருந்த தாள்களை மறுபடி புரட்டினேன். போன வாரமும் வெள்ளரிக்காய். அதற்கு முந்தைய வாரம் கீரை. அதற்கும் முன்னால் வெள்ளரிக்காய். எல்லாமே உடனே.

"காய்க்காரன் ஏமாத்துறான்னு நெனச்சேன்" என்றார் அக்கா. "ரெண்டு பேர மாத்திட்டேன். ஒருத்தன்கிட்ட தெருவுல நின்னு சண்டையே போட்டேன்."

சொல்லிக்கொண்டே, காய் இருந்த இடத்துக்குப் பின்னால், ஃப்ரிட்ஜின் பின்சுவருக்குக் கையை நீட்டினார். உறைபெட்டிக்கு நேர் கீழே, யாரும் குனிந்து பார்க்காத மூலையில், சுவரோடு ஒரு பனிப்படலம். பழைய ஃப்ரிட்ஜ். முன்னால் தயிர் தயிராக இருக்கும், பின்னால் அது ஐஸ்கிரீம். அந்தப் பனியில் பாதி புதைந்து ஒரு சின்ன அட்டைப்பெட்டி நின்றது. இழுத்ததும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்ததும் அட்டை ஈரத்தில் கிழிந்து கையோடு வந்தது. உள்ளே கத்திரி அண்ணனின் மீதி இன்சுலின் பேனாக்கள்.

பெட்டியின் மேல் தேதி இருந்தது. அடுத்த வருஷம் வரை இருந்தது.

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். ஃப்ரிட்ஜ் கதவு திறந்தே கிடந்தது. அவர் வீட்டில் அது நடக்காத காரியம். விசில்தான் மூடினார்.

அந்தப் பெட்டி முதலில் கதவில்தான் இருந்தது. கத்திரி அண்ணன் அங்கேதான் வைப்பார். கதவில் குளிர் நிற்காது, உயிர் காக்கும் பொருளை அங்கே வைக்கலாமா என்று அக்காதான் எடுத்து உள்ளே வைத்தார். புதுசு பின்னால் என்ற பழக்கம் கையில் ஊறியது, கை அதுவாகவே கடைசி மூலை வரை தள்ளிவிட்டது. மருந்து அடுத்தவர் விஷயம், அதைப் பட்டியலில் சேர்ப்பதில்லை என்று ஒரு மரியாதையும் வைத்திருந்தார். அதனால் வெள்ளரிக்காயைச் சனிக்கிழமை தவறாமல் தொட்டுப் பார்த்த கை, அதன் பக்கத்தில் இருந்த பெட்டியைத் தொடவே இல்லை.

தெருமுனை மருந்துக்கடைக்காரரை விசில் போய் அழைத்து வந்தார். ஊதாமலே அழைத்து வந்தார். கடைக்காரர் ஒரு பேனாவை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"ஒருதடவ உறைஞ்சா முடிஞ்சுது. உருகினப்புறம் பார்த்தா தண்ணி மாதிரி தெளிவாத்தான் இருக்கும், கண்டுபிடிக்கவே முடியாது. வேலை மட்டும் சரியா செய்யாது. எல்லாத்தையும் தூக்கிப் போடுங்க."

"அப்ப அண்ணன் இத்தன நாளா..."

"பேருக்குக் குத்திட்டு இருந்திருக்காரு. மொதல்ல ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போங்க. புது பேனா வாங்கிப் போட்டு சரி பண்ணிக்கலாம்னு யாரும் வீட்ல உட்காராதீங்க."

தன்னுடைய மீட்டரை எடுத்து வந்திருந்தார். கத்திரி அண்ணனின் விரலில் குத்தி, பட்டையில் ஒரு சொட்டு எடுத்தார். மீட்டர் எண் காட்டவில்லை. அளக்க முடியாத அளவுக்கு அதிகம் என்ற எழுத்து மட்டும் வந்தது. நாள் முழுக்க அளவெடுக்கும் மனிதர் அதைப் பார்த்துச் சிரித்தார். "நாடா பத்தலையா?" என்றார். பிறகு எழுந்திருக்கப் பார்த்து, எழுந்திருக்க முடியாமல், மிஷின் மேல் கை வைத்தார். மிஷினில் பாதி தைத்த சட்டை, ஒரு கை மட்டும் ஒட்டிக்கொண்டு தொங்கியது. அந்த நேரம் பார்த்து அக்காவின் போன் அதே மணியை அடித்தது. காலையில் அணைக்காமல் தள்ளிப்போட்டிருந்தார். அணைக்க யாருக்கும் கை போகவில்லை, ஆட்டோ வரும்வரை அடித்துக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். உடம்பில் தண்ணீர் வற்றிப்போயிருக்கிறது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் மயக்கமாகிக் கையை விட்டுப் போயிருக்கும் என்றார் டாக்டர். ஓடிய சலைனைப் பார்த்துக்கொண்டு அக்கா வராந்தாவில் நின்றார்.  ஒருமுறை மட்டும், தள்ளுவண்டியில் போன மருந்துப் பெட்டிகளின் தேதியைப் படிக்கக் கழுத்து தன்பாட்டுக்குத் திரும்பியது. உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கத்திரி அண்ணன் திரும்பி வந்தார். வந்தவர் முதலில் தன் சட்டைகளை இளைத்த உடம்புக்கு ஏற்றபடி பிடித்துத் தைத்தார். அவர் டீ குடிக்க உட்கார்ந்தபோது அக்கா எதிரில் நின்று சொன்னார்.

"அண்ணே, நான்தான் அத உள்ள தள்ளி வச்சேன்."

"தெரியும்மா. கதவுல காணோம்னு தேடினப்ப உள்ள இருந்துச்சு. பெட்டி ஜில்லுன்னு ஒட்டிக்கிட்டு வந்துச்சு. அன்னிக்கே ஒரு மாதிரிதான் இருந்துச்சு."

"சொல்லியிருக்கலாமே அண்ணே."

"நீங்க வச்சா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

அக்கா ரஸ்க்கை அவர் பக்கம் நகர்த்தினார். புதுப் பாக்கெட். திறந்த நாள் அதில் எழுதியிருக்கவில்லை.

வதந்தி செத்துவிட்டதா என்றால் இல்லை, கொஞ்சம் இளைத்திருக்கிறது. விசில் இப்போது பட்டியலைப் பார்த்துப் பயப்படுவதில்லை, பட்டியலில் வராததைப் பார்த்துப் பயப்படுகிறார். சனிக்கிழமை மணி அடித்ததும் ஆளாளுக்கு ஃப்ரிட்ஜுக்கு ஓடிவந்து தங்கள் பொருளைத் தாங்களே தொட்டுப் பார்க்கிறார்கள். மருந்தும் பட்டியலில் சேர்ந்துவிட்டது, முடிக்க வேண்டியவையில் அல்ல, தனி வரியில். நடுத்தட்டில், சுவரில் படாமல், முன்பக்கமாக, மூடிபோட்ட டப்பாவுக்குள் இருக்கிறது. பழைய காய்க்காரர்கள் இருவரிடமும் அக்கா மன்னிப்புக் கேட்டுவிட்டார். ஒருவர் ஏற்றுக்கொண்டு சொத்தைக் கத்திரிக்காய் கொடுத்தார்.

ஃப்ரிட்ஜ் மட்டும் அதேதான். வீட்டுச் சொந்தக்காரர் மாற்றித்தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அந்த வாக்குக்கு எந்தத் தேதியும் ஒட்டப்படவில்லை.

அன்று மருந்துக்கடைக்காரர் போகும்போது ஃப்ரிட்ஜுக்குள் வைக்கும் சின்ன வெப்பமானி ஒன்றை அக்காவிடம் இரவல் கொடுத்திருந்தார். தன் கடை ஃப்ரிட்ஜில் இருந்த இரண்டில் ஒன்று. இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் முள் நிற்க வேண்டும், ரெண்டு நாள் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள் என்றார். எதையும் நாள் தவறாமல் செய்யும் அக்கா இதை மட்டும் கொடுக்கவில்லை. கடைக்காரர் தெருவில் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார். அடுத்த வாரம் என்கிறார் அக்கா. ஒருநாள் என் முன்னாலேயே கேட்டார். அக்கா அப்படியே சொன்னார், சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து பார்த்தார்.

நடுத்தட்டில் முள் நாலில் நின்றது. வெப்பமானியை எடுத்துப் பின்சுவரோரம் வைத்துவிட்டுக் காத்திருந்தார். முள் மெல்லக் கீழே இறங்க ஆரம்பித்தது. பூஜ்யத்தைத் தொட்டது, நிற்கவில்லை.